முப்பத்தேழு சரிகளும் ஒரு கையெழுத்தும்

ஒரு மேசை, இரண்டு கதிரை, கையெழுத்து வாங்க ஒரு தாள். செயலமர்வு ஒன்றின் பதிவு மேசைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு சாமான் வேண்டும் என்று எங்கள் பணிப்பாளர் கொழும்பில் மூன்று நாள் படித்துவிட்டு வந்து சொன்னார். அந்த மூன்று நாளும் அவர் படித்தது அதை மட்டும்தான் என்று நினைக்கிறேன். வந்த அன்றே எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பட்டியலைப் பெட்டியிலிருந்து சுவாமி சுரூபத்தை எடுப்பதைப் போல இரண்டு கையாலும் வெளியே எடுத்தார்.

மாத்தளை நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னத் தொண்டு நிறுவனம் அது. நான் நிகழ்ச்சி உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தகுதிகாண் காலம் முடியாத பிள்ளை. சமாதானப் பேச்சு குழம்பி, வடக்குக்குப் போகிற ஏ-9 வீதியில் மறுபடியும் மணல் மூட்டைகள் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நாட்டில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் செயலமர்வுக்கு மட்டும் வரவில்லை. மிளகுக் கொடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு ஒன்று, முரண்பாட்டைத் தீர்ப்பதற்கு ஒன்று, கை கழுவுவதற்கு ஒன்று. கை கழுவுகிற செயலமர்வு நடந்த மண்டபத்தில் தண்ணீர் இல்லை என்பதை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று பணிப்பாளர் சொன்னார். நானும் எழுதவில்லை.

அலுவலகத்தில் மூன்றாவது ஆள் நானா. முஸ்லிம் மனிதர், ஐம்பது வயது தாண்டியவர், மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊரில் எல்லாரும் அண்ணன் என்கிற பொருளில் நானா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். இருபது வருடம் ஒரு சரக்கு வியாபாரியின் கடையில் மிளகு மூட்டையும் கொக்கோ மூட்டையும் சுமந்தவர். இடுப்பு விட்டுப்போன பிறகு, யாரோ சொல்லி இங்கே வந்தார். களஞ்சிய அறையும் தபாலும் தேநீரும் அவர் பொறுப்பு. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். "கதிரைல இருந்து செய்ற வேல எனக்கு வாழ்க்கைல இதுதான் மொதல் தடவ தங்கச்சி" என்று அந்தக் கதிரையின் கையைத் தட்டிக் காட்டுவார். அந்தக் கதிரை போனால் மறுபடியும் மூட்டைதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பட்டியல் இங்கிலீஷில் இருந்தது. பணம் தருகிறவர்கள் வாசிப்பதற்கு. பெயர் அச்சிட்ட பெட்ஜ், சொல்லாமல் வந்து சேர்கிறவர்களுக்கு வெற்றுப் பெட்ஜ் பத்து, அதைப் போடுகிற பிளாஸ்டிக் உறை, ஊசி. பதிவுப் படிவம், வருகைத் தாள் காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்று. நீலப் பேனை அறுபது, தடித்த மார்க்கர் நான்கு. அறிவிப்புகளில் 'பதிவு', 'மண்டபம்', 'சாப்பாடு', 'மலசலகூடம்', இடது அம்பு மூன்று, வலது அம்பு மூன்று. பிறகு ஒட்டு நாடா, நூல், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், அதற்குக் கம்பி என்று போய், கடைசியில் மேசை விரிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: எத்தனை தேவை, எத்தனை வைத்தது, எத்தனை திரும்பி வந்தது. பக்கத்தில் சரி போட ஒரு சின்னச் சதுரம். அடியில் அடுக்கியவர் பெயர், சரிபார்த்தவர் கையெழுத்து. அடுக்குகிற ஆளே சரிபார்க்கக் கூடாது, இரண்டு பேர் இரண்டு கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் இதில் உள்ள சூட்சுமம் என்று பணிப்பாளர் விளக்கினார். இரண்டு பேர் என்றால் நாலு கண் அல்லவா என்று நானா என் காதில் கேட்டார்.

பட்டியலை நான் குறை சொல்லமாட்டேன். முதல் தடவை நாங்கள் அதை ஒழுங்காகவே செய்தோம். நானா களஞ்சிய அறையில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். நான் பெயரை வாசிக்க, அவர் சாமானைக் கையில் தூக்கிக் காட்டி "இருக்கு" என்பார், எண்ணுவார், பெரிய நீலப் பெட்டிக்குள் வைப்பார், சதுரத்தில் சரி போடுவார். மேசையில் முதலில் தேவைப்படுகிற விரிப்பும் 'பதிவு' பலகையும் மேலே வர வேண்டும் என்று கடைசியில்தான் வைத்தார். அது பட்டியலில் இல்லை, அவருடைய மூளை. பத்தொன்பதாவது சரியைப் போடும்போது தொலைபேசி அலறியதால் பேனை இழுபட்டு, அந்தச் சரிக்கு மட்டும் அடுத்த கட்டம் வரை ஒரு வால் முளைத்தது. முடிய அரைநாள் ஆயிற்று. எண்ணிச் சரி போட்டவர் அவர் என்பதால், சரிபார்த்தவர் இடத்தில் நானா தமிழில் நிதானமாகக் கையெழுத்து வைத்தார். அந்தச் செயலமர்வில் ஒரு குண்டூசிகூடக் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் கெட்டிக்காரியானேன்.

ஒவ்வொரு செயலமர்வுக்கும் பூர்த்தி செய்த பட்டியலின் பிரதி ஒன்று அறிக்கையோடு போக வேண்டும் என்று கட்டளை. பட்டியலின் வெற்றுப் பிரதியைக் காணோம். அது இருந்த கணினிக்கு வைரஸ் வந்து, கண்டிக்கு வைத்தியத்துக்குப் போயிருந்தது. இரண்டாவது செயலமர்வின் அறிக்கை மறுநாள் போகவேண்டும். முதல் தடவைப் பட்டியலில் திகதிக்கும் செயலமர்வின் பெயருக்கும் மேல் வெள்ளை மை பூசி, கீழ்மாடி மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடையில் போட்டோகொப்பி எடுத்தேன். மேலே புதுத் திகதி எழுதினேன். முப்பத்தேழு சரியும் சரிபார்த்தவர் கையெழுத்தும் ஏற்கனவே இருந்தன. கள்ள வேலை செய்கிறோம் என்று கொஞ்சமும் தோன்றவில்லை. கொப்பிக்காரர் ஐந்து பிரதி எடுக்கவா என்று கேட்டார். பத்து எடுங்கள் என்றேன்.

அடுத்தடுத்த செயலமர்வுகளில் எந்தக் குறையும் வரவில்லை. ஏனென்றால் நானா பட்டியலைக் கேட்காமலே வழக்கம்போலப் பாயை விரித்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலத் தாளைக் கோப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி உண்மையாக இருந்தது, தாள் பொய்யாக இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காத வரைக்கும் நிறுவனம் நன்றாக நடந்தது. பட்டியலில் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை என்று பணம் தருகிறவர்கள் கடிதமே எழுதினார்கள். பணிப்பாளர் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அந்தக் கடிதம்தான் வினை. கடிதத்தின் தைரியத்தில் பணிப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. "இனிமே பட்டியல் பைலுக்குள்ள கெடக்கக் கூடாது. பெட்டி மூடியில, பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வெளிய ஒட்டணும். வர்றவங்க கண்ணுக்குத் தெரியணும்" என்றார்.

அடுத்த செயலமர்வு பலாபத்வலைக்கு மேலே ஒரு தோட்டத்தில். தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா ஆயாமாருக்கு மூன்று நாள் பயிற்சி. பெற்றோர் கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகிற நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நாற்பத்திரண்டு பேர். கொழும்பிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் அம்மணியும் வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. பணிப்பாளர் இரண்டு தடவை தலைமுடி வெட்டிக்கொண்டார்.

செயலமர்வுக்கு முதல் நாள் காலையில், மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று, கையிலிருந்த கொப்பி ஒன்றில் திகதி எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டினேன். அச்சிட்ட பெட்ஜையும் படிவங்களையும் ஒரு பெரிய உறையில் போட்டு, பெட்டிக்குள் வைப்பதற்காக நானாவின் அலுமாரியில் வைத்தேன். பிறகு மண்டப ஏற்பாடு பார்க்கத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். தபாற்கந்தோருக்குப் போயிருந்த நானா திரும்பி வந்து பார்த்தார். கண்ணாடி போடாத கண்ணுக்கு மூடியில் தெரிந்தது முழுதும் சரி போட்ட பட்டியல் மட்டும்தான். அவசரம் என்று தங்கச்சியே அடுக்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, பாயை விரிக்கவில்லை. அலுமாரியில் இருந்த உறையைக் கண்டு, மிச்சப் பிரதி என்று எண்ணி அங்கேயே விட்டார். மறுநாள் விடிய வேன் வந்ததும் பெட்டியைத் தூக்கி ஏற்றினார். முதல் நாள் இரவே ஊர் திரும்பியிருந்த நான், பெட்டி வேனில் ஏறியதைக் கண்டு, நானா அடுக்கியாயிற்று என்று நிம்மதியானேன். இரண்டு பேர் நாலு கண்ணால் பார்த்தோம், பார்த்தது தாளை மட்டும்.

வழியில் சோதனைச் சாவடி. ஒரு சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னான். பணிப்பாளர் முன்சீட்டிலிருந்து இறங்கி, மூடியில் இருந்த பட்டியலைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கம் கொடுத்தார். சிப்பாய் விரலால் சரிகளை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தான். கையெழுத்தைக் கண்டதும் திருப்திப்பட்டு, போகலாம் என்று கையைக் காட்டினான். கிளைமோர் குண்டு தேடுகிறவனே தாளை நம்பினான் என்றால் எங்களை என்ன சொல்வது. அவன் மட்டும் பெட்டியைத் திறந்திருந்தால் திரும்பிப் போய் உறையை எடுத்துவர நேரம் இருந்தது.

தோட்டத்து மண்டப வாசலில் மேசையைப் போட்டோம். நாற்பத்திரண்டு பெண்களும் எங்களுக்கு முன்பே வந்து, சேலை கசங்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். மதிப்பீட்டாளர் அம்மணியின் வாகனமும் அதே நேரம் வந்தது. நேரே பெட்டியிடம் வந்தார். மூடியைப் பார்த்து, "இப்படித்தான் இருக்க வேண்டும், மற்றவர்களும் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று இங்கிலீஷில் சொல்லி, படம் எடுத்தார். பணிப்பாளர் படத்தில் விழுவதற்காகக் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார். பிறகு நான் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே போன மாத மிளகுச் செயலமர்வு அப்படியே கிடந்தது. பெட்ஜ் உறைகள் எல்லாவற்றிலும் நாலந்தாப் பக்கத்து மிளகுச் செய்கையாளர்களின் பெயர்கள், எல்லாம் ஆண்கள். சிங்களப் படிவம் பதினொன்று. மார்க்கர் நான்கு இருந்தன, நான்கும் காய்ந்திருந்தன. அம்புகளோடு, இடைக்கிடை 'மிளகு' என்று எழுதிய அட்டை. 'மலசலகூடம்' என்ற அறிவிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. பேனை ஒன்றுகூட இல்லை. பேனை ஒருபோதும் திரும்பி வராது. கொடுத்த பேனையைத் திருப்பித் தருகிற பங்குபற்றுநரை இந்த நாட்டில் நான் கண்டதில்லை, நானும் தந்ததில்லை. அதனால்தான் பட்டியலில் பேனைக்கு எதிரே திரும்பிய கட்டம் வெறுமையாக இருக்கும், அடுத்த தடவை புதிதாக வைக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களிடம் முப்பத்தேழு சுரைக்காய் இருந்தன.

என் கைப்பையில் ஒரு பேனை. பணிப்பாளரின் சட்டைப்பையில் தங்கமுலாம் மூடி போட்ட ஒன்று. அதை அவர் மரியாதையாக மதிப்பீட்டாளரிடம் கொடுத்துவிட்டார், குறிப்பெழுத. நானா தோட்டத்துக் கந்தோருக்கு ஓடிப்போய், கிளாக்கரிடம் கெஞ்சி, நூல் கட்டிய ஒரு பேனையும், மிச்சப்பட்ட செக்ரோல் தாள் ஒரு கட்டும் வாங்கி வந்தார். வேலையாட்களின் நாள் வரவையும் அரைநாள் வரவையும் பதிகிற தாள் அது. ஆக நாற்பத்திரண்டு பேருக்கு இரண்டு பேனை.

வரிசையின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒரு வயதான ஆயா, செக்ரோல் தாளைக் கண்டு சிரித்தார். "என்னாங்க மிஸ், பயிற்சின்னு கூப்டுட்டு இங்கயும் செக்ரோல்தானா? அரை நாள் பேரு போட்டுறாதீங்க."

நான் மிளகுக்காரர் பெயர் இருந்த பெட்ஜ்களைத் திருப்பிவிட்டு, பின்பக்கம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். குண்டு முனைப் பேனையால் ஒரு பெயரை மூன்று தடவை அழுத்தி எழுதினால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எழுதி முடிய நேரமாகிறது என்று கண்ட பணிப்பாளர், கழுத்து வெறுமையாக இருந்தால் படத்தில் நன்றாக இராது என்று, திருப்பாத பெட்ஜ்களையே கடைசிப் பதினைந்து பேருக்கு மாட்டிவிட்டார். மதிப்பீட்டாளர் அம்மணி அந்த ஆயாவின் நெஞ்சில் இருந்த ஆண் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, இது உங்கள் பெயரா என்று தமிழில் கேட்டார்.

"இல்லீங்க. இது எனக்குக் குடுத்த பேரு" என்றார் ஆயா.

பிறகு அவரே வரிசையைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் எழுதத் தெரிந்த ஒருத்தியை முன்னால் நிறுத்தி, மற்றவர்களின் விபரங்களை அவளையே சொல்லவைத்தார். வேலை இரட்டிப்பாக ஓடியது. "நாங்க நாப்பது புள்ளைங்கள பேனை இல்லாமதான் காலைல எண்ணி எடுக்குறோம், சாயங்காலம் எண்ணிக் குடுக்குறோம். இன்னைக்கி வரைக்கும் ஒன்னும் கொறஞ்சதில்ல" என்றார். அப்படியும் பதிவு முடியப் பதினொன்றரை ஆயிற்று. காலை அமர்வு 'நேர முகாமைத்துவம்'. அது நடக்கவில்லை.

மதிப்பீட்டாளர் மறுபடியும் மூடிக்கு வந்தார். இந்தத் தடவை வாசித்தார். "நீலப் பேனை அறுபது, சரி. தமிழ்ப் படிவம் ஐம்பது, சரி. யார் இதைச் சரிபார்த்தது?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அந்த மேசையும், வாசலில் காய்ந்துகொண்டிருந்த வெயிலும் நினைவிருக்கிறது. பணிப்பாளர் என்னை முந்திக்கொண்டார். "நானா, இங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

நானா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியருகே குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் பணிப்பாளர்.

"என்ட கையெழுத்துதான் சேர்."

"அப்ப பேனை எங்க?"

"தெரியல்ல சேர். நான் இத எப்ப வச்சேன்னு எனக்கு நெனவு வருதில்ல."

மதிப்பீட்டாளர் தங்கமுலாம் பேனையால் ஏதோ எழுதினார்.

அன்றைக்கு மாலை வேனில் திரும்பும்போது நானா என் பக்கத்தில் இருந்தார். பலாபத்வலைச் சந்தி தாண்டினோம். பிறகு மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, கையெழுத்து வச்சது கூட ஒரு மனுசனுக்கு மறந்து போகுமா? எங்க வாப்பாவுக்கும் கடைசில இப்படித்தான். என்னையே யாருன்னு கேட்டாரு."

வேலைப்பளு நானா, எல்லாருக்கும் வருவதுதான் என்று சொன்னேன். நான் அப்படிச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி ஊரில் எவ்வளவு ஏளனமாகப் பேசியிருக்கிறேன். அடுத்த நாளிலிருந்து நானா மத்தியானச் சாப்பாட்டில் வல்லாரைச் சம்பல் கொண்டுவரத் தொடங்கினார். மறதிக்கு நல்லது என்று மனைவி அரைத்துக் கொடுக்கிறார் என்றார். காலையில் வெறும் வயிற்றிலும் சாறு குடிக்கிறாராம். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பார். தேநீருக்குச் சீனி போட்டேனா என்று என்னைக் கேட்பார். ஒரு கிழமையில் உண்மையாகவே மறதிக்காரர் போல நடக்கத் தொடங்கிவிட்டார்.

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஆவணப்படுத்தல் சிறப்பு, ஆனால் ஒரு தவறு நடந்துள்ளது, பொறுப்பானவர் மீது எடுத்த நடவடிக்கையை அறிவிக்கவும் என்றது. நானாவின் ஒப்பந்தம் அந்த மாத முடிவில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் பணிப்பாளரின் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பிலிருந்து ஏழு பட்டியலையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். ஏழிலும் பத்தொன்பதாவது சரிக்கு ஒரே வால்.

பணிப்பாளர் ஏழையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைத் திட்டுவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"இந்த ஏழும் கொழும்புக்குப் போயிட்டுது, தெரியுமா?" என்றார்.

"தெரியும் சேர்."

"ஒரு வயசான மனுசன் ஒரு தடவ கவனிக்காம விட்டா அது மனுசத் தவறு. யானைக்கும் அடி சறுக்கும், மன்னிப்பாங்க. ஆனா ஏழு தடவ பொய்த்தாள் போயிருக்குன்னா அது நிறுவனத்தோட தவறு. கந்தோர மூட வேண்டியதுதான். நீங்க, நான், அந்தாளு, மூணு பேரும் வீட்டுக்கு. இப்ப ஒரு ஆளு போனா போதும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. யோசிக்க யோசிக்க அவர் சொல்வதில் நியாயம் கூடிக்கொண்டே போனது. ஏழு தாளையும் அவர் தன் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். நான் வெளியே வந்தேன். நானா கதவடியில் தேநீரோடு நின்றார். சீனி போட்டிருக்கிறது என்றார், இரண்டு தடவை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரில் சொல்வார்கள். பாவம் இருந்த இடம் தேநீரை வாங்கிக் குடித்தது.

அதே கிழமையில் எனக்குத் தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தர நியமனக் கடிதம் கிடைத்தது. நானாவுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற கடிதம் கிடைத்தது. இரண்டையும் தட்டச்சு செய்தவள் நான்தான்.

கடைசி நாள் பின்னேரம் நானா தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். பழைய கடை முதலாளியிடம் பேசியிருக்கிறாராம், மூட்டை தூக்க முடியாவிட்டாலும் மிளகு புடைக்கவாவது எடுத்துக்கொள்வார்களாம். பணிப்பாளர் கண்டியில் இருந்தார், மற்ற நிறுவனங்களுக்குப் பதிவு மேசை பற்றிப் பேசப் போயிருந்தார். நானும் நானாவும் மட்டும்தான். இனியும் தாங்க முடியவில்லை.

"நானா, உங்களுக்கு மறதி இல்ல. அந்தக் கையெழுத்து போட்டோகொப்பி. மொதல் தடவ வச்சத நான் கொப்பி எடுத்து எடுத்து ஒட்டுனேன். பேனை இல்லாம போனதுக்குக் காரணம் நான்தான்" என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். நானா பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் அன்னைக்கிக் கையெழுத்து வைக்கவே இல்லையா?"

"இல்ல நானா."

"எனக்கு ஒன்னும் இல்லையா? தலைல ஒன்னும் இல்லையா?"

"ஒன்னும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார், சிரித்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் சிரித்ததை நான் காணவில்லை. "அல்லாவே, நான் என்னமோன்னு நெனச்சேன். நேத்து கூட பொஞ்சாதி மகன்ட சொல்லி அழுதா, வாப்பாவத் தனிய ரோட்டுக்கு விட வேணாம்னு." வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் செய்தாய் என்றுகூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி, இத அப்படியே ரெண்டு வரி எழுதித் தாங்க. நான் சொன்னா வீட்ல நம்ப மாட்டாங்க, மறந்துட்டுப் பேசுறேன்னு நெனப்பாங்க. நீங்க எழுதி, கீழ ஒரு கையெழுத்து."

பேனை என் கையிலேயே இருந்தது. தாளைப் பார்த்தேன். இந்தத் தாள் எங்கெல்லாம் போகும், யார் யார் கையில் சேரும், யார் கொப்பி எடுப்பார்கள் என்று என் மூளை ஓடியது. கையெழுத்து என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

"எழுத வேணாம் நானா. நான் ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து, அவங்ககிட்ட நேர்லயே சொல்றேன்" என்றேன்.

அவர் நம்பினார். அது இன்னும் நல்லது என்றார். வீட்டு அடையாளம் சொன்னார், பள்ளிவாசல் ஒழுங்கையில் மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. மத்தியானம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எனக்காகச் சமைத்திருப்பார்கள்.

நான் போகவில்லை.